பழைய போனில் தங்கிவிடும் பாஸ்கீ

பாஸ்வேர்டுக்கு மாற்றாக வந்திருக்கும் பாஸ்கீ போனில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். விரலை வைத்தால் திறக்கிறது, முகத்தைக் காட்டினால் திறக்கிறது என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அது சேமிக்கப்பட்டிருப்பது போனில் இயங்கும் ஒரு பாஸ்வேர்ட் பெட்டகத்தில். ஐபோனில் அந்தப் பெட்டகத்தின் பெயர் ஐகிளவுட் கீசெயின். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர். சாம்சங் கேலக்ஸி போன்களில் இதோடு சாம்சங் பாஸ் என்ற இன்னொன்றும் உண்டு. போன் மாற்றும்போது பாஸ்கீ கூட வருமா, வராதா என்பது இந்தப் பெட்டகத்தைப் பொறுத்தது. புதுப் போனில் அதே பெட்டகத்தைத் திறக்க முடிந்தால் பாஸ்கீ வந்துவிடும். முடியாவிட்டால் பழைய போனிலேயே நின்றுவிடும்.

ஒரே கம்பெனியின் போன்களை மாற்றி மாற்றி வாங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. பழைய ஐபோனிலிருந்து புது ஐபோனுக்குப் போனால் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறும் நாளில்தான், ஒரு கணக்கில் நுழையப் போகும்போது வழக்கமாக வரும் பெயரும் கைரேகைக் குறியும் வராமல், 'இந்தச் சாதனத்தில் பாஸ்கீ இல்லை' என்ற அறிவிப்போ, வேறு சாதனத்தைக் கேட்கும் கட்டமோ வந்து நிற்கும். பாஸ்கீ வேறொரு பெட்டகத்தில் தங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கணக்குக்கு எந்தச் சேதமும் ஆகவில்லை. பாஸ்கீயும் அழியவில்லை.

பாஸ்கீக்குள் இருப்பது

ஒரு தளத்தில் பாஸ்கீ உருவாக்கும்போது போன் இரண்டு சாவிகளைத் தயாரிக்கிறது. ஒன்று இரகசியச் சாவி, மற்றது பொதுச் சாவி. இரண்டும் கணித ரீதியாகப் பிணைந்தவை. பொதுச் சாவி தளத்தின் சர்வருக்குப் போய்விடும். இரகசியச் சாவி பெட்டகத்தை விட்டு வெளியே போகாது. அடுத்த முறை உள்ளே நுழையும்போது சர்வர் தற்செயலான ஓர் எண் கோர்வையை அனுப்பும். போன் அதை இரகசியச் சாவியால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். தன்னிடம் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு அந்தக் கையொப்பம் சரியா என்று சர்வர் பார்க்கும். சரியென்றால் கதவு திறக்கும்.

இதில் கைரேகைக்கும் முகத்துக்கும் உள்ள வேலை சிறியது. பெட்டகத்தைத் திறந்து அந்த ஒரு கையொப்பத்தைப் போட அனுமதி கொடுப்பது மட்டுமே. கைரேகை போனை விட்டு வெளியே போவதில்லை, எந்தத் தளத்துக்கும் அனுப்பப்படுவதில்லை. அதனால் புதுப் போனில் அதே விரலைப் பதிவு செய்தாலும் பழைய பாஸ்கீ வந்துவிடாது. சிம் கார்டை மாற்றிப் போட்டாலும் வராது. பாஸ்கீக்கும் போன் நம்பருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒவ்வொரு பாஸ்கீயும் தான் உருவான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறது. அமேசானுக்காக உருவான பாஸ்கீ, அமேசானைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளத்தில் வேலை செய்யாது. பயனர் ஏமாந்தாலும் போன் ஏமாறாது. பாஸ்வேர்டையும் ஓடிபியையும் பறிகொடுப்பவர்கள் இவ்வளவு பேர் இருக்கும் காலத்தில் இது பெரிய பாதுகாப்பு. பாஸ்கீ இடம் மாற்றக் கடினமாக இருப்பதும் இதே குணத்தால்தான். எழுதி வைக்கவோ, படித்துச் சொல்லவோ, நகலெடுத்து ஒட்டவோ முடியாத ஒன்றை ஏமாற்றிப் பறிப்பவனும் வாங்க முடியாது. அதன் சொந்தக்காரராலும் கையில் எடுத்துக்கொண்டு வேறு போனுக்குப் போக முடியாது.

ஒத்திசைவு நடக்கும் விதம்

தொடக்கத்தில் இத்தகைய சாவிகள் ஒரே ஒரு கருவியோடு முடிந்துவிட்டன. போன் தொலைந்தால் சாவியும் போனது. சாதாரண மக்கள் பயன்படுத்த அது உதவாது என்பதால், 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. ஃபைடோ கூட்டமைப்பின் தரத்தை ஏற்று, ஒருவரின் எல்லாக் கருவிகளிலும் இந்தச் சாவி கிடைக்கும்படி செய்வோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 16-உடன் ஐபோனுக்கும், அதற்குச் சற்றுப் பின் ஆண்ட்ராய்டுக்கும் ஒத்திசையும் பாஸ்கீ வந்தது.

ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒத்திசைத்தது தன் பெட்டகத்துக்குள்தான். ஆப்பிள் கணக்கில் இணைந்த ஐபோன், ஐபேட், மேக் ஆகியவற்றுக்குள் ஐகிளவுட் கீசெயின் பரவும். கூகுள் கணக்கில் இணைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்குள் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர் பரவும். இரண்டுக்கும் நடுவே குழாய் எதுவும் போடப்படவில்லை.

ஏன் போடப்படவில்லை என்பது, ஒத்திசைவு உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்த்தால் புரியும். இரகசியச் சாவி போனிலேயே மறையாக்கம் செய்யப்பட்டு, அந்த வடிவில்தான் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அதைப் பிரிக்கத் தேவையான சாவி நிறுவனத்திடம் இல்லை. புதிதாக ஒரு போன் அந்தக் கணக்கில் சேரும்போது, கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்தால் பெட்டகம் திறக்காது. ஏற்கெனவே உள்ள போனிலிருந்து அனுமதி தர வேண்டும், அல்லது பழைய போனின் ஸ்கிரீன் லாக்கைக் கொடுக்க வேண்டும். ஆப்பிளில் அது பழைய ஐபோனின் பாஸ்கோடு. கூகுளில் பழைய ஆண்ட்ராய்டு போனின் பின் நம்பர் அல்லது பேட்டர்ன், இல்லையென்றால் பெட்டகத்துக்கென்று தனியாக வைத்த பின் நம்பர்.

நான்கு இலக்கமோ ஆறு இலக்கமோ கொண்ட எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒருநாள் சரியாக விழுந்துவிடாதா என்று கேட்கலாம். அதற்காகத்தான் அந்தச் சரிபார்ப்பு, திறந்து பார்க்க முடியாதபடி செய்யப்பட்ட தனி வன்பொருளுக்குள் நடக்கிறது. இரண்டு நிறுவனங்களும் தவறான முயற்சிக்கு வைத்திருக்கும் எல்லை பத்து. ஆப்பிளின் முறையில் பத்தாவது முயற்சியும் தவறினால் அந்த மீட்புப் பதிவே அழிக்கப்பட்டுவிடும். அதன்பின் அந்த நிறுவனத்தின் ஊழியரே நினைத்தாலும் அந்த வழியில் மீட்க முடியாது.

இந்த ஏற்பாட்டில்தான் பாதுகாப்பும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. தன்னாலேயே படிக்க முடியாத ஒன்றை ஆப்பிளின் சர்வர் கூகுளின் சர்வரிடம் எடுத்துக் கொடுக்க வழியில்லை. மாற்றுவதென்றால், பெட்டகம் திறந்திருக்கும் போனில், உரிமையாளரின் கண் முன்னால்தான் மாற்ற வேண்டும். அதற்கான பொதுவான முறையை உருவாக்காமலேயே பாஸ்கீயை மக்களிடம் கொண்டுவந்தது இந்த நிறுவனங்களின் குறைதான். பாதுகாப்பு என்ற காரணம் உண்மைதான். ஆனாலும் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போகாமல் இருக்க அது துணை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எந்தத் திசையில் போனால் எங்கே நிற்கும்

ஆண்ட்ராய்டிலிருந்து வேறொரு கம்பெனியின் ஆண்ட்ராய்டுக்குப் போவது எளிது. ஷாவ்மி போனில் கூகுள் பெட்டகத்தில் சேமித்த பாஸ்கீ, பிக்சலிலோ மோட்டோரோலாவிலோ அதே கூகுள் கணக்கோடு நுழைந்து பழைய ஸ்கிரீன் லாக்கைக் கொடுத்ததும் வந்துவிடும். கேலக்ஸி போன்காரர்கள்தான் கவனிக்க வேண்டும். பாஸ்கீயைச் சேமிக்கும்போது கீழிருந்து எழும் சிறு திரையில் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பெயர் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் சம்மதம் கொடுத்துவிடுவதே பலரின் பழக்கம். சாம்சங் பாஸ் என்றிருந்து சம்மதித்திருந்தால், அந்தப் பாஸ்கீ இன்னொரு கேலக்ஸிக்கு வரும், பிக்சலுக்கு வராது. ஒரே போனில் அமேசானின் பாஸ்கீ கூகுளிடமும் இன்னொரு தளத்தின் பாஸ்கீ சாம்சங்கிடமும் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். மாறிய பின் பாதி வந்து பாதி வராமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. ஐஓஎஸ் 17 முதல், ஆப்பிள் அல்லாத பெட்டகங்களும் ஐபோனில் பாஸ்கீயைக் கொடுக்கலாம். ஐபோனில் குரோம் செயலியை நிறுவி, பழைய கூகுள் கணக்கோடு நுழைந்து, அமைப்புகளில் General என்பதன் கீழ் வரும் AutoFill & Passwords பகுதியில் குரோமை இயக்கினால், கூகுள் பெட்டகத்தில் உள்ள பாஸ்கீகளை அங்கேயும் பயன்படுத்தலாம்.

எதிர்த் திசைதான் கடினம். ஐகிளவுட் கீசெயினைத் திறக்க ஆப்பிள் ஆண்ட்ராய்டுக்கு எந்தச் செயலியும் தரவில்லை. தொடர்புகளும் படங்களும் புதுப் போனுக்கு வந்துவிட்டதைப் பார்த்து பாஸ்கீயும் வந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பாஸ்வேர்டுகளைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியிலும் ஏமாறும் இடம் உண்டு. சிஎஸ்வி கோப்பாக எடுத்தால் பாஸ்வேர்டுகள் வரும், பாஸ்கீகள் அதில் இருக்காது.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு: ஒரு கணக்கை மாற்றிப் பார்த்தல்

ஒருவர் மூன்று ஆண்டுகளாக ஐபோன் வைத்திருந்தார், இப்போது ஆண்ட்ராய்டு போன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அமேசான் கணக்கின் பாஸ்கீ ஐகிளவுட் கீசெயினில் இருக்கிறது. பழைய ஐபோன் இன்னும் கையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் செய்ய வேண்டியது பழைய பாஸ்கீயை நகர்த்துவது இல்லை. அதே கணக்குக்கு இரண்டாவது பாஸ்கீ ஒன்றை ஆண்ட்ராய்டில் உருவாக்குவது. ஒரு கணக்குக்குப் பல பாஸ்கீகள் இருக்கலாம். பெரும்பாலான தளங்கள் அதை அனுமதிக்கின்றன.

இதைச் செய்ய மிக வசதியான இடம் ஒரு கம்ப்யூட்டர். அதில் குரோமைத் திறந்து அமேசானின் உள்நுழைவுப் பக்கத்தில் பாஸ்கீ வழியைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்கீ இல்லாததால் போனையோ டேப்லெட்டையோ பயன்படுத்தும் வழியைக் காட்டும். அதைத் தேர்ந்ததும் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். ஐபோன் கேமராவை அதன் மேல் காட்டினால், பாஸ்கீயால் உள்ளே நுழையவா என்று ஐபோன் கேட்கும். முகத்தைக் காட்டியதும் கம்ப்யூட்டரில் கணக்கு திறந்துவிடும்.

இந்தச் சில நொடிகளில் நடப்பது தெரிந்திருந்தால், தடுமாறும்போது எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். க்யூஆர் கோடில் இருப்பது அந்த ஒரு முறைக்கு மட்டும் பயன்படும் தகவல். அதைப் படித்த போன் ப்ளூடூத்தில் ஒரு சிறு சைகையை ஒலிபரப்பும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டால், போன் நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறது என்று உறுதியாகும். தூரத்தில் இருக்கும் மோசடிக்காரன் க்யூஆர் கோடை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலும் பலிக்காமல் இருப்பது இதனால்தான். அதன்பின் இரண்டும் இணையம் வழியாக, ஓர் இடைச் சர்வரில் சந்தித்து, மறையாக்கம் செய்த செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்குப் போவது கையொப்பம் மட்டும். இரகசியச் சாவி ஐபோனிலேயே இருக்கிறது. ஆகவே எத்தனை முறை இப்படி க்யூஆர் கோடு வழியாக நுழைந்தாலும் பாஸ்கீ இடம் மாறாது. ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டதால் வேலை முடிந்தது என்று பழைய போனைக் கொடுத்துவிடுகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

க்யூஆர் கோடைப் படித்த பின்னும் 'இணைக்கிறது' என்றே நின்றுகொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ப்ளூடூத். போனிலும் கம்ப்யூட்டரிலும் இரண்டிலுமே அது இயங்க வேண்டும். ஜோடி சேர்க்கத் தேவையில்லை. பழைய மேசைக் கம்ப்யூட்டர் பலவற்றில் ப்ளூடூத்தே கிடையாது. அவற்றில் இந்த வழி நடக்காது, லேப்டாப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது இணையம். இடைச் சர்வர்களின் முகவரிகள் கூகுளுக்கு cable.ua5v.com, ஆப்பிளுக்கு cable.auth.com. சில அலுவலகங்களின் நெட்வொர்க்கில் தெரியாத முகவரிகள் தடுக்கப்பட்டிருக்கும். வீட்டு வைஃபையில் நடப்பது அலுவலகத்தில் நடக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கணக்கு திறந்ததும் அமேசானின் Login & Security பகுதிக்குப் போய் புதிய பாஸ்கீயைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். இப்போது எங்கே சேமிப்பது என்ற கேள்வி வரும். இது கவனமாகப் படிக்க வேண்டிய திரை. விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் விண்டோஸ் ஹலோவில் சேமிக்கவா என்று கேட்கக்கூடும். சரி என்று அழுத்திவிட்டால் பாஸ்கீ அந்தக் கம்ப்யூட்டரின் சிப்போடு கட்டுண்டு நின்றுவிடலாம், புதுப் போனுக்கு அதனால் பயனில்லை. வேறு சாதனத்தைத் தேர்ந்து, மறுபடி க்யூஆர் கோடை வரவழைத்து, இந்த முறை ஆண்ட்ராய்டு போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். போனில் எழும் திரையில் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர் என்றிருக்கிறதா எனப் பார்த்து விரலை வைத்தால், புதிய சாவி ஜோடி ஒன்று உருவாகி அதன் பொதுச் சாவி அமேசானுக்குப் போய்ச் சேரும். கம்ப்யூட்டரின் குரோமில் அதே கூகுள் கணக்கு திறந்திருந்தால் இரண்டாவது ஸ்கேன்கூட வேண்டாம். நேராகக் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமித்தால் போதும், அது போனுக்குத் தானாக வந்துவிடும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஐபோனின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு ஆண்ட்ராய்டு போனில் அமேசானை வெளியேற்றி மறுபடி நுழைவது. விரலை வைத்ததும் திறந்தால் மாற்றம் நடந்துவிட்டது. மறுபடி வேறு சாதனத்தைக் கேட்டால் சாவி வேறெங்கோ சேமிக்கப்பட்டிருக்கிறது.

இதே வேலையைப் பாஸ்கீ உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எத்தனை கணக்குகள் என்பதை ஐபோனின் பாஸ்வேர்ட்ஸ் செயலியில் Passkeys என்ற பகுதி காட்டும். கூகுள் கணக்குக்கு மட்டும் இந்த வேலை இல்லை. ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கைச் சேர்த்ததும் அதற்கான பாஸ்கீ தானாகவே உருவாகிவிடும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உள்ள பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பாஸ்கீயும் எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது என்று பெயரோடு தெரியும். ஐகிளவுட் கீசெயின் என்று ஒன்றும் புதுப் போனின் பெயரில் ஒன்றும் இருந்தால் எல்லாம் சரி.

பெட்டகத்திலிருந்து பெட்டகத்துக்கு

பல ஆண்டுகளாகச் சேர்த்த பாஸ்கீகள் நாற்பதோ ஐம்பதோ இருந்தால் இப்படி ஒவ்வொன்றாக மாற்றுவது அலுப்பான வேலை. மொத்தமாக மாற்றுவதற்கான பொது வடிவத்தை ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வரைவாக வெளியிட்டது. பெட்டகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்படி பாஸ்கீயை எழுதும் முறையும், அதை வழியில் யாரும் படிக்க முடியாதபடி கொண்டுபோகும் முறையும் அதில் அடங்கும். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26, பாஸ்வேர்ட்ஸ் செயலியிலிருந்து பாஸ்கீகளை வேறு பெட்டகச் செயலிக்கு அனுப்ப வழி செய்தது.

இது எப்படி நடக்கிறது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. போனிலிருந்து போனுக்குப் போகவில்லை, ஒரே ஐபோனுக்குள் ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குப் போகிறது. ஆகவே முதலில் ஐபோனிலேயே பிட்வார்டன் அல்லது ஒன்பாஸ்வேர்ட் போல இரண்டு பக்கமும் இயங்கும் பெட்டகச் செயலி ஒன்றை நிறுவி கணக்குத் தொடங்க வேண்டும். ஆப்பிளின் பாஸ்வேர்ட்ஸ் செயலியில் தரவை இன்னொரு செயலிக்கு ஏற்றுமதி செய்யும் கட்டளையைத் தேர்ந்து, அந்தச் செயலியைக் காட்டி, முகத்தாலோ பாஸ்கோடாலோ உறுதிசெய்ய வேண்டும். இடையில் கோப்பு எதுவும் உருவாவதில்லை என்பதால், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பாஸ்வேர்டுகள் வெட்ட வெளிச்சமாகக் கிடக்கும் ஆபத்து இல்லை. பிறகு ஆண்ட்ராய்டு போனில் அதே செயலியை நிறுவி, அதே கணக்கோடு நுழைந்து, போன் அமைப்புகளில் பாஸ்வேர்ட், பாஸ்கீ சேவையாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14-ம் அதற்கு மேற்பட்டதும் இதை ஏற்கும்.

அடிக்கடி கம்பெனி மாற்றுகிறவர்களுக்கும், வீட்டில் ஐபோனும் அலுவலகத்தில் ஆண்ட்ராய்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே நல்ல ஏற்பாடு. பெட்டகம் எந்தப் போன் கம்பெனிக்கும் சொந்தமில்லாதபோது, போனை மாற்றுவது பெட்டகத்தைத் தொடாது. அதற்குக் கொடுக்கும் விலை, அந்தச் செயலியின் முதன்மைப் பாஸ்வேர்டை மறக்காமல் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு. அதை மறந்தால் எல்லாமே போகும். எனவே தாளில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வைப்பது புத்திசாலித்தனம்.

பழைய போன் கையில் இல்லை என்றால்

போன் தொலைந்துவிட்டது, அல்லது எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது என்றாலும் கீசெயின் சேர்ந்து அழிந்துவிடுவதில்லை. மறையாக்கம் செய்த வடிவில் அது ஐகிளவுடில் இருக்கிறது. அதே ஆப்பிள் கணக்கில் ஏற்கெனவே இணைந்த ஐபேடோ மேக்கோ வீட்டில் இருந்தால் அதிலிருந்தே க்யூஆர் கோடு இல்லாமல் தளத்தில் நுழைந்து, புதிய பாஸ்கீயை உருவாக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் வேறொரு ஆப்பிள் கருவியில் அந்தக் கணக்கோடு நுழைந்து மீட்கலாம். அப்போது கேட்கப்படுவது பழைய ஐபோனின் பாஸ்கோடு. போனை விற்ற மறுநாளே அந்த எண்ணை மறந்துவிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதுவும் முடியாதவர்களுக்குத் தளத்தின் பழைய வழிகள் இருக்கின்றன. பாஸ்கீ வைத்திருக்கும் தளங்களில் பெரும்பாலானவை பாஸ்வேர்டையும் விட்டுவைத்திருக்கின்றன. உள்நுழைவுப் பக்கத்தில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டோடும் ஓடிபியோடும் நுழைந்து, புதுப் போனில் புதிய பாஸ்கீயை உருவாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. பாஸ்வேர்டை முழுவதுமாக நீக்கிவிட்ட கணக்கில் மின்னஞ்சல் மீட்போ, முன்பே அச்செடுத்து வைத்த மீட்புக் குறியீடோதான் கை கொடுக்கும். யுபிஐ செயலிகளும் பல வங்கிச் செயலிகளும் புதுப் போனில் மறுபடி பதிவு செய்யச் சொல்வது வேறு விஷயம். அவை சிம் கார்டோடு போனைக் கட்டிவைக்கும் முறை, அதில் பாஸ்கீக்கு வேலை இல்லை.

எந்த வழியிலும் நகராதவை

சில பாஸ்கீகள் ஒத்திசைவதற்காகவே உருவாக்கப்படவில்லை. யூபிகீ போன்ற யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிக்குள் உருவானது அந்தச் சாவியோடேயே இருக்கும். அலுவலகக் கணக்குக்காக மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் செயலியில் உருவாக்கியது அந்தப் போனோடு கட்டுப்பட்டது. நகல் எடுக்கக் கூடாது என்று நிறுவனமே விரும்பிச் செய்திருக்கும் ஏற்பாடு அது. புதுப் போனில் அதைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், தேவைப்பட்டால் அலுவலகத்தின் ஐடி பிரிவின் உதவியோடு. ஒரு பாஸ்கீ எந்த வகை என்பதை அது உருவாகும்போதே தளத்துக்குத் தெரிவிக்கும் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று நகலெடுக்கத் தக்கதா என்பதைச் சொல்லும், மற்றது ஏற்கெனவே நகல் எடுக்கப்பட்டதா என்பதைச் சொல்லும். கிட்ஹப் தன் பாஸ்கீ பட்டியலில் சிலவற்றின் பக்கத்தில் Synced என்று போடுவது இதைக் கொண்டுதான்.

இதைவிடக் கவனம் வேண்டியது இன்னொரு வகை. உள்ளே நுழைவதற்கு மட்டுமல்லாமல், தரவையே மறையாக்கம் செய்வதற்கும் பாஸ்கீயைப் பயன்படுத்தும் சேவைகள் வந்துவிட்டன. அரட்டைக் காப்புப் பிரதியைப் பாஸ்கீயால் பூட்டும் வசதியை வாட்ஸ்அப் 2025 அக்டோபரில் அறிவித்தது. உள்நுழைவுக்கு என்றால் பழைய பாஸ்கீ போனாலும் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம். பூட்டிய பிரதிக்கு அப்படிச் செய்ய முடியாது. அந்தக் குறிப்பிட்ட சாவி இல்லாமல் அந்தப் பிரதி திறக்காது, புதிய பாஸ்கீ எத்தனை உருவாக்கினாலும் பயனில்லை. கம்பெனி மாற்றுவதற்கு முன், பழைய போன் திறந்திருக்கும்போதே அந்தப் பூட்டை நீக்கிவிடுவதோ, வேறு பாஸ்வேர்டுக்கு மாற்றுவதோதான் வழி.

பழைய போனைக் கைமாற்றும் முன்

எல்லாக் கணக்குகளும் புதுப் போனில் திறந்துவிட்டன என்றான பின், பழைய பாஸ்கீகளை நீக்க வேண்டும். இதை இரண்டு இடத்தில் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. போனில் மட்டும் நீக்கினால் தளத்தின் பட்டியலில் அது தொடர்ந்து இருக்கும். தளத்தில் மட்டும் நீக்கினால் போன் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் தொட்டால் திறக்காது. பாதுகாப்புக்கு முக்கியமானது தளத்தில் நீக்குவதுதான். பொதுச் சாவி சர்வரிலிருந்து போய்விட்டால், இரகசியச் சாவி யாரிடம் இருந்தாலும் அதனால் அந்தக் கணக்கைத் திறக்க முடியாது.

ஆனால் இதற்கு அவசரப்படக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நுழையும் கணக்குகள் எல்லோருக்கும் சில இருக்கும். அவற்றின் நினைவு மாறிய முதல் வாரத்தில் வராது. புதுப் போன் வாங்கியவர்கள் பழையதை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் சில வாரமாவது சார்ஜ் போட்டு வீட்டில் வைத்திருங்கள். அதன் பாஸ்கோடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட்ஸ் பட்டியலில் உள்ள கடைசிக் கணக்கும் புதுப் போனில் திறந்த பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.